உடலில் இரும்பு இருந்தும் இரத்தத்தில் குறைவது ஏன்? ஹெப்சிடின் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு எட்டு ஆண்டுகளாக முடக்குவாதம் உள்ளது. ஹீமோகுளோபின் 9.6, சீரம் இரும்பு 28, மொத்த இரும்புப் பிணைப்புத் திறன் 210, இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் 140. ஃபெரிட்டின் நன்றாக இருப்பதால் இரும்புக் குறைவு இல்லை என்று ஒரு மருத்துவர் கூறினார். சீரம் இரும்பு குறைவாக இருப்பதால் இன்னொருவர் மாத்திரை எழுதித் தந்தார். மூன்று மாதம் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் உண்மையின் ஒரு பாதியைச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் உடலில் இரும்பு இருக்கிறது. ஆனால் அது இருக்குமிடத்திலிருந்து வெளியே வரவில்லை.

இரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் புரதம் டிரான்ஸ்ஃபெரின். ஒரு மூலக்கூறு இரண்டு இரும்பு அணுக்களை ஏற்றிச் செல்லும். சீரம் இரும்பு என்பது இப்போது ஏற்றப்பட்டிருக்கும் சுமை. பிணைப்புத் திறன் என்பது எல்லா டிரான்ஸ்ஃபெரினும் சேர்ந்து ஏற்றக்கூடிய முழுச் சுமை. உங்கள் 28ஐ 210ஆல் வகுத்தால் செறிவு ஏறக்குறைய 13 விழுக்காடு வருகிறது. வழக்கமாக இது 20 முதல் 45 வரை இருக்க வேண்டும். எனவே எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேரும் இரும்பு போதவில்லை என்பதில் ஐயமில்லை.

மஜ்ஜை ஒரு நாளில் புதிய சிவப்பணுக்களைச் செய்ய 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு கேட்கிறது. குடலிலிருந்து கிடைப்பதோ 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மீதி முழுவதும், ஆயுள் முடிந்த சிவப்பணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் உடைத்து மீட்டுத் தருவது. எந்த ஒரு கணத்திலும் டிரான்ஸ்ஃபெரின் மீது இருக்கும் இரும்பு மொத்தமே சுமார் 3 மில்லிகிராம் என்பதால், அந்தச் சிறிய இருப்பு நாளொன்றுக்குப் பலமுறை காலியாகி நிரம்ப வேண்டியிருக்கிறது. விழுங்கணுக்கள் இரும்பை வெளியே விடாமல் நிறுத்திவிட்டால், சில மணி நேரத்திலேயே சீரம் இரும்பு சரியும்.

அப்படி நிறுத்துவதுதான் ஹெப்சிடின். இது கல்லீரல் சுரக்கும், 25 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சிறிய ஹார்மோன். உயிரணுவிலிருந்து இரும்பு வெளியேறுவதற்கு உள்ள ஒரே வாயில் ஃபெரோபோர்ட்டின் என்னும் புரதம். ஹெப்சிடின் அதைப் பற்றிக்கொண்டதும் வாயில் அடைபடுகிறது. பின்னர் அந்தப் புரதமே உயிரணுவுக்குள் இழுக்கப்பட்டுச் சிதைக்கப்படுகிறது. உடலில் இரும்பு மிகும்போது ஹெப்சிடின் கூடுவது இயல்பு. ஆனால் மூட்டுகளில் அழற்சி தொடரும்போது, இன்டர்லூகின்-6 என்னும் சமிக்ஞை, இரும்பு மிகாத நிலையிலும் கல்லீரலை ஹெப்சிடின் சுரக்க வைக்கிறது.

மாத்திரை ஏன் பயன் தரவில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். முன்சிறுகுடலின் உட்சுவர் அணுக்கள் மாத்திரையின் இரும்பை உள்ளே எடுத்துக்கொள்கின்றன. ஆனால் இரத்தப் பக்கத்து வாயில் அங்கும் ஃபெரோபோர்ட்டின்தான். அது இல்லாதபோது இரும்பு அந்த அணுவுக்குள்ளேயே ஃபெரிட்டினில் அடைந்து கிடக்கும். குடற்சுவர் அணுவின் ஆயுள் சில நாட்களே. அது உதிரும்போது அதனுள் இருந்த இரும்பும் மலத்தோடு போய்விடுகிறது.

இனி ஃபெரிட்டின். ஒரு ஃபெரிட்டின் கூட்டுக்குள் ஏறக்குறைய 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். இரத்தத்தில் நாம் அளப்பது அந்தச் சேமிப்பின் ஒரு சாயலை மட்டுமே. அழற்சியில் அந்த அளவு தானாகவே உயர்கிறது. அதனால் உங்கள் 140ஐ, அழற்சி இல்லாத ஒருவரின் 140 போல நான் வாசிக்க மாட்டேன். அழற்சியோ தொற்றோ இல்லாத பெரியவர்களுக்கு 15க்குக் கீழ் என்றால் இரும்புக் குறைவு என்று கொள்ளும் உலக சுகாதார அமைப்பு, அவை இருந்தால் அந்த எல்லையை 70 என்று வைக்கிறது. நீங்கள் அதற்கும் மேலே இருக்கிறீர்கள்; பிணைப்புத் திறனும் தாழ்ந்திருக்கிறது. வெறும் இரும்புக் குறைவாக இருந்தால், கல்லீரல் டிரான்ஸ்ஃபெரினைக் கூடுதலாகச் செய்து பிணைப்புத் திறன் 400ஐத் தாண்டியிருக்கும். ஆகவே அழற்சியால் வந்த இரத்தசோகையே முதன்மை என்று கருதுகிறேன். அதனோடு உண்மையான குறைவும் கலந்திருக்கிறதா என்பதை அறிய, கரையும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியை அளக்கச் சொல்லுங்கள். அழற்சி மட்டும் இருந்தால் அது பெரிதாக ஏறுவதில்லை. இரும்புக் குறைவில் ஏறும். வலி மருந்துகளால் வயிற்றில் சிறு கசிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. அளவோடு சேர்த்து இவற்றை வாசித்து, முதலில் மூட்டழற்சியை அடக்குவதே வழி. அழற்சி தணிந்தால் ஹெப்சிடின் இறங்கும். அடைபட்ட இரும்பு தானே வெளிவரும்.

கேள்வி: எனக்கு ஃபெரிட்டின் 9, அழற்சி எதுவும் இல்லை. இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடச் சொல்கிறார்கள். தினமும் இருமுறை சாப்பிட்டால் விரைவில் ஏறாதா?

பதில்: ஒரு மாத்திரையில் உள்ள இரும்பே அடுத்த மாத்திரைக்கு ஹெப்சிடினைத் தூண்டிவிடுகிறது. 60 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் உட்கொண்டால், சுமார் 24 மணி நேரம் ஹெப்சிடின் உயர்ந்திருந்து, மறுநாள் சாப்பிடுவதன் உறிஞ்சுதல் குறைகிறது. சூரிச்சில் உள்ள ஆய்வாளர்கள், இரும்புச் சேமிப்பு குறைந்த பெண்களிடம் தலா 60 மில்லிகிராமாக 14 வேளை கொடுத்துப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். தொடர்ந்து தினமும் சாப்பிட்டவர்களிடம் சுமார் 16 விழுக்காடும், ஒரு நாள் விட்டுச் சாப்பிட்டவர்களிடம் சுமார் 22 விழுக்காடும் உறிஞ்சப்பட்டன.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். அந்த 14 வேளை, ஒரு குழுவுக்கு 14 நாளில் முடிந்தது. மற்றதற்கு 28 நாளானது. ஆகவே ஒரு நாள் விட்டுச் சாப்பிடுவது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் இரும்பைத் தருகிறது. நாள் கணக்கில் வேகத்தைக் கூட்டுவதில்லை. ஹீமோகுளோபின் மிகவும் தாழ்ந்து விரைவு தேவைப்படுபவருக்குத் தினமும் ஒரு வேளை என்றே நான் எழுதுவேன். ஒரே அளவை ஒரு நாளில் இரண்டாகப் பிரித்துச் சாப்பிடுவதற்கு மட்டும் எந்தப் பயனையும் நான் காணவில்லை. குடலில் தங்கும் இரும்பு குறைவதால், வயிற்றுப் புரட்டலும் மலச்சிக்கலும் இடைவெளி விட்டால் பலருக்குத் தணிகின்றன.

கேள்வி: காலையில் மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் பரிசோதனைக்குப் போனேன். சீரம் இரும்பு 190 என்று வந்தது. குணமாகிவிட்டேனா?

பதில்: இல்லை. நீங்கள் அளந்தது அன்றைய மாத்திரையை. குறைந்தது 24 மணி நேரம் மாத்திரையை நிறுத்தி, மறுபடி காலையில் இரத்தம் கொடுங்கள். சேமிப்பு நிறைந்ததா என்பதை ஃபெரிட்டினைக் கொண்டே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என் அண்ணனுக்கு ஃபெரிட்டின் 620, எனக்கு 580. அவருக்கு மட்டும் இரத்தம் எடுத்து அகற்றும் சிகிச்சை தருகிறார்கள். எனக்கு எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு?

பதில்: உங்கள் இருவரின் டிரான்ஸ்ஃபெரின் செறிவை அருகருகே வைத்துப் பாருங்கள். அண்ணனுடையது 45 விழுக்காட்டைக் கடந்து நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். அவருக்கு எச்.எஃப்.இ. மரபணுவில் மாற்றம் இருந்தால், இரும்பு நிறைந்த பிறகும் கல்லீரல் போதிய ஹெப்சிடினைச் சுரப்பதில்லை. வாயில் திறந்தே கிடப்பதால் ஒவ்வொரு நாளும் சிறிது கூடுதலாக இரும்பு ஏறுகிறது. உங்கள் செறிவு இயல்பாக இருந்தால், கொழுப்புக் கல்லீரல், மது, அழற்சி ஆகியவற்றில் ஒன்றே ஃபெரிட்டினை உயர்த்தியிருக்கக்கூடும். ஆனாலும் உடன்பிறந்தவர் என்பதால், அண்ணனுக்கு மாற்றம் உறுதியானால் நீங்களும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மிகுந்த இரும்பை வெளியேற்ற உடலில் தனி வழி கிடையாது; உதிரும் அணுக்களோடு நாளொன்றுக்குப் போகும் 1 அல்லது 2 மில்லிகிராமே இழப்பு. அதனால்தான் அண்ணனிடமிருந்து இரத்தத்தையே எடுக்கிறார்கள். ஒரு முறை 450 முதல் 500 மில்லிலிட்டர் எடுத்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு குறைகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட மஜ்ஜை கேட்கும் இரும்பு, கல்லீரலில் தேங்கியிருக்கும் ஃபெரிட்டினிலிருந்து வருகிறது.