சிகாகோவில் பெட்டியை எடுக்க வேண்டுமா?

"சென்னை–தோஹா–சிகாகோ–நாஷ்வில், ஒரே டிக்கெட். பெட்டியில் நாஷ்வில் டேக் ஒட்டிவிட்டார்கள். சிகாகோவில் நான் எடுக்கணுமா?"

ஆமாம், எடுத்தே ஆகணும். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில்தான் கஸ்டம்ஸ், அதனால் ஓ'ஹேர் 5ஆம் டெர்மினலில் இமிக்ரேஷன் முடிந்ததும் பெல்ட்டிலிருந்து பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸைத் தாண்டி, வெளியே இருக்கும் ரீசெக் கவுண்டரில் கொடுத்துவிடுங்கள். டேக்கைக் கிழித்துவிடாதீர்கள், அதே டேக்கில்தான் நாஷ்வில் போகும். எடுக்காமல் போனால் பெட்டி சிகாகோவிலேயே கிடக்கும்.

தோஹா டூட்டி ஃப்ரீயில் பெர்ஃப்யூம், பாட்டில் ஏதாவது வாங்கியிருந்தால் ரீசெக்கில் கொடுக்கும் முன்பே பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், ஏனென்றால் அப்புறம் மறுபடி செக்யூரிட்டி இருக்கிறது, 100 மில்லிக்கு மேல் கையில் இருந்தால் வம்பு. ஊறுகாய், பொடி இருந்தால் கஸ்டம்ஸில் கேட்கும்போது சொல்லிவிடுங்கள், மறைத்தால்தான் அபராதம். இடையில் மூன்று மணி நேரமாவது வேண்டும்.

அபுதாபி, டப்ளின் போன்ற ஊர்கள் வழியாக வருபவர்கள் விதிவிலக்கு, அமெரிக்கச் சோதனை அங்கேயே முடிந்துவிடும்.