முகத்தைப் பார்த்தே முடிவு கட்டிவிட்டார்கள்

> "பேசும் முன்பே என்னைத் திமிர் பிடித்தவன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இனி நல்லபடி நடந்தால் மாறுமா?"

மாறும், ஆனால் தலையைக் கண்டதும் சிரித்து வைப்பதால் அல்ல.

2006-இல் வில்லிஸ், டோடொரோவ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் முகப்படங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே காட்டி, ஆள் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தும் தீர்ப்பு பெரிதாக மாறவில்லை; அதன் மேல் உறுதிதான் கூடியது! இறங்கிய புருவம், கீழே வளைந்த உதட்டோரம் இரண்டும் கோபத்தின் சாயல். நீங்கள் சும்மா இருந்தாலும் அப்படித்தான் படும்.

அப்புறம், 2015-இல் மான், ஃபெர்குசன் என்ற இருவரின் ஆய்வு. ஒருவன் வீடுகளுக்குள் புகுந்து நாசம் செய்தான் என்று படித்தவர்களுக்கு அவன் மேல் வெறுப்பு. வீடுகள் தீப்பிடித்திருந்தன, குழந்தைகளைக் காப்பாற்றவே நுழைந்தான் என்று தெரிந்ததும் உள்ளுணர்வே திரும்பிவிட்டது. பழைய காட்சிக்கே புது அர்த்தம் கிடைத்ததுதான் காரணம்.

அதனால், "யோசிக்கும்போது என் முகம் கடுகடுவென்று ஆகிவிடும்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.