அண்ணி மூன்று முறை கேட்டார்

அன்புள்ள அக்காவுக்கு,

பெரியப்பா மகனுக்கு அடுத்த மாதம் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அண்ணி போன் செய்தபோது "பார்க்கிறேன் அண்ணி" என்றேன். இதுவரை மூன்று முறை கேட்டுவிட்டார். கடைசியாகக் கேட்டபோது "வருவியா மாட்டியா, ஒண்ணு சொல்லு" என்று குரல் மாறிவிட்டது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சுபகாரியத்துக்குக் கூப்பிடுகிறவரிடம் எப்படி வரமாட்டேன் என்று சொல்வது? பார்க்கிறேன் என்பது மரியாதையான பதில்தானே? மகனுக்குப் பரீட்சை நேரம், அவருக்கு லீவு கிடைக்குமா தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே போகும் விருப்பம் பாதிதான்.

ர., ஓசூர்

அன்புள்ள ர.,

உங்கள் அண்ணி கோபப்பட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் கையில் ஒரு நோட்டு இருக்கும், அதில் உங்கள் பெயருக்கு எதிரே இன்னும் ஒன்றும் எழுதாமல் இருக்கும், அதுதான் விஷயம். தோழி ஒருத்தியின் பெற்றோருக்குத் திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி நடந்தபோது அந்த நோட்டு என்னிடம் இருந்தது. அதனால் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

நானூறு ஐந்நூறு பேர் வரும் கல்யாணத்தில் நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் சமையற்கட்டில் ஒன்றும் மாறாது. நாற்பது பேர் காரியம் அப்படியில்லை. வெளியூர், விடியற்காலையில் ஹோமம், அதனால் முதல் நாள் இரவே வந்து தங்க வேண்டும். ஆகவே நான்கு பேர் உள்ள குடும்பம் என்றால் ஒரு ரூம், இரவு டிபன், காலை டிபன், மதியச் சாப்பாடு என்று ஆளுக்கு மூன்று இலை, சிலருக்கு வேனில் சீட்டும். உங்களுடைய ஒரு பார்க்கிறேன் இத்தனை இடத்திலும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

நாங்கள் பார்த்த கணக்கைச் சொல்கிறேன். உறுதியாக வருகிறேன் என்றவர்கள் 38 பேர். பார்க்கிறேன் என்றவை ஐந்து குடும்பம், 19 பேர். ஞாயிற்றுக்கிழமை விசேஷத்துக்கு வியாழக்கிழமை சாயங்காலம் சமையல்காரர் எண்ணிக்கை கேட்டார். இந்த எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால் அதற்குக் குறைவாக ஆள் வந்தாலும் அதற்கான பணம் கொடுத்தாக வேண்டும், கூடுதலாக வந்தால் எண்ணுகிற இலைக்கு ஏற்பக் கூட்டிக்கொள்வார், பெரும்பாலும் பேச்சு இப்படித்தான். 38 என்று சொல்லி 19 பேரும் வந்து நின்றால்? 57 என்று சொல்லி அந்த 19 பேரில் ஒருவரும் வராவிட்டால் 57 இலை வீண், ஏனென்றால் 19 பேருக்கு மூன்று வேளை.

சமையல்காரர் எப்படியாவது சமாளிப்பார் என்று பலர் நினைக்கிறார்கள். ஓரளவுக்குச் சமாளிப்பார்தான். ரசத்தைக் கூட்டலாம், சாம்பாரை இழுக்கலாம், பந்தி நடக்கும்போதே இன்னொரு அடுப்பில் சாதம் வடித்துவிடலாம். ஆனால் இட்லி மாவு முதல் நாள் மாலையே அரைத்தாகிவிடும், காய் இரவே நறுக்கியாகிவிடும், வடையும் இனிப்பும் எண்ணிப் போடுகிறவை, அவற்றைக் கூட்ட முடியாது. பத்துப் பதினைந்து பேர் கூடினால் கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்களின் இலையில்தான் அது தெரியும். கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் யார்? வீட்டு ஆட்கள். கூப்பிட்டவர்களே வடை இல்லாமல் எழுந்து கைகழுவப் போவார்கள், உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள்.

சரி, பாதிப் பேர் வருவார்கள் என்று போட்டுக்கொள்ளக் கூடாதா என்றால், பெரிய கல்யாணத்தில் அப்படித்தான் போடுகிறோம், அநேகமாகச் சரியாகவும் வந்துவிடுகிறது. ஐந்து குடும்பத்தில் அது பலிக்காது. ஆட்கள் தனித்தனியாக வருவதில்லை, வந்தால் நான்கு பேராக வருவார்கள், இல்லையென்றால் நான்கு பேரும் வரமாட்டார்கள். அதோடு "சித்தி வந்தா நாங்களும் வர்றோம்" என்று ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், சித்தியோ இவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே பூஜ்யத்திலிருந்து 19 வரை எதுவும் நடக்கலாம். நாங்கள் பத்துப் பேரைச் சேர்த்து 48 என்று சொன்னோம், ரூமை மட்டும் ஐந்து குடும்பத்துக்கும் போட்டோம், முகூர்த்த நாளில் அங்கே கடைசி நேரத்தில் ரூம் கேட்டால் கிடைக்காது. வந்தது ஒரே ஒரு குடும்பம், நான்கு பேர். ஆறு பேருக்கான மூன்று வேளைச் சாப்பாடும் நான்கு ரூமும் போயின.

அந்தப் பணத்தைப் பற்றித் தோழியின் அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவர் மனத்தில் தங்கியது வேறு. பக்கத்து வீட்டில் வயதான தம்பதி, இருபது முப்பது வருடப் பழக்கம். அவர்களுக்கு அபிராமியைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, "நாங்களும் வரட்டுமா" என்று அவர்களே கேட்டார்கள். ரூம் இல்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது, வேனில் 17 சீட்டில் 15 பேர் உறுதி, மிச்சம் இரண்டையும் பார்க்கிறேன் என்ற ஒரு குடும்பத்துக்காக வைத்திருந்தோம். சனிக்கிழமை மதியம் அந்தக் குடும்பம் வரவில்லை என்று தெரிந்தது. அதற்கப்புறம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, இப்போது இடம் இருக்கிறது வாருங்கள் என்று எந்த முகத்தோடு கூப்பிடுவது? வேன் இரண்டு சீட்டு காலியாகவே போனது. அந்தக் குடும்பம் ஒரு வாரம் முன்பே மாட்டோம் என்று சொல்லியிருந்தால் அந்த இருவரும் வந்திருப்பார்கள். மறுப்பு மனத்தைப் புண்படுத்தும் என்று பயந்து நாம் தள்ளிப் போடுகிறோம், அந்தப் பயத்தின் விலையை நமக்கு முகமே தெரியாத யாரோ கொடுக்கிறார்கள்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. குங்குமம், பத்திரிகை, வெற்றிலை பாக்கு என்று தட்டோடு வாசலில் வந்து நிற்கிறவரிடம் முகத்துக்கு நேரே வரமாட்டேன் என்று யாரும் சொல்ல மாட்டோம், சொல்லவும் கூடாது. அப்போது "ரொம்ப சந்தோஷம்" என்று வாங்கிக்கொள்ளுங்கள், போதும். அழைப்புக்கு அதுதான் பதில். எண்ணிக்கைக்கான பதில் வேறு, அதை இரண்டு மூன்று நாள் கழித்து நீங்களாகப் போன் செய்து சொல்லலாம். இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் கொள்வதால்தான் சுபகாரியத்தில் மறுக்கக் கூடாது என்ற நல்ல வழக்கம், கடைசி நாள் வரைக்கும் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்குச் சாக்காகிவிடுகிறது. அப்புறம், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கைகூப்புகிற படம் போடுவது எந்தப் பதிலும் ஆகாது, நோட்டை வைத்திருப்பவர் அதை எந்தப் பக்கம் எழுதுவார்?

அதற்காக நிச்சயமில்லாத பதிலே தப்பு என்று சொல்லவில்லை. ஷிப்ட் வேலையில் இருக்கிறவருக்கு ரோஸ்டர் வந்தால்தான் தெரியும், ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்திருப்பவருக்கு டாக்டர் சொன்னால்தான் தெரியும். இப்படி ஒரு குறிப்பிட்ட விஷயத்துக்காகக் காத்திருந்தால் அது நேர்மையான பதில்தான், அந்த விஷயம் என்ன, எந்தத் தேதியில் தெரியும், அன்றைக்குச் சொல்லாவிட்டால் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால். "அண்ணி, லீவு பத்தி பத்தாம் தேதி தெரியும். அன்னிக்கு ராத்திரிக்குள்ள நான் போன் பண்ணலேன்னா எங்களைச் சேர்க்காதீங்க" என்று சொல்லிப் பாருங்கள், அவர் மறுபடி கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. அந்தத் தேதி, அவர் சமையல்காரரிடம் எண்ணிக்கை சொல்லும் நாளுக்கு முன்னால் இருக்க வேண்டும், அது எந்த நாள் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். சிலரிடம் "நீ கடைசி நிமிஷம் வந்தாலும் உனக்கு இடம் இருக்கு" என்று கூப்பிடுகிறவர்களே சொல்வார்கள். நிறைமாதமாக இருக்கும் மகளிடம் அப்படிச் சொல்வார்கள். அந்தச் சலுகையை அவர்கள் தர வேண்டும், நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

காத்திருப்பதற்கு ஒன்றும் இல்லாமல் இன்னும் பார்க்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தால் உள்ளுக்குள் முடிவு ஆகிவிட்டது என்று அர்த்தம். ரயில் டிக்கெட்டை 60 நாள் முன்பே எடுக்கலாம். எடுத்துவிட்டீர்களா? கணவர் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாரா, இல்லை கிடைக்குமா என்று வீட்டில் பேசியதோடு சரியா? பரீட்சை அட்டவணை கையில் இருக்கும், விசேஷத்துக்கு மறுநாள் பரீட்சை இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

உறுதியாகச் சொல்லிவிட்டு அப்புறம் போக முடியாமல் போனால் என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். காய்ச்சல் வரலாம், துக்கம் நேரலாம், அதை எல்லோரும் பொறுத்துக்கொள்வார்கள். வருகிறேன் என்று சொன்னவர் தெரிந்த உடனே கூப்பிட்டுச் சொன்னால் போதும். வரவில்லை என்று சொல்லிவிட்டு அப்புறம் தோது வந்தால், நேராகப் போய் நிற்காமல் "ரெண்டு பேருக்கு இடம் இருக்குமா" என்று கேளுங்கள், இல்லை என்றால் வருத்தப்படாதீர்கள்.

உங்கள் பாதி விருப்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அறுபதாம் கல்யாணத்தில் ஹோமம் முடிந்ததும் கலசத் தண்ணீரை எடுத்து அந்தத் தம்பதி மேல் ஊற்றுகிறவர்கள் பிள்ளைகளும் உறவுக்காரர்களும்தான், அப்புறம்தான் மறுபடி தாலி கட்டுவது. ஆள் கணக்குக்காக மட்டும் அண்ணி உங்களை மூன்று முறை கேட்டிருக்க மாட்டார். தண்ணீர் ஊற்ற வருகிறவர்களில் நீங்களும் ஒருத்தி என்று நினைத்திருப்பார். அதையும் வைத்து முடிவெடுங்கள், ஆனால் அதற்காக விருப்பமில்லாமல் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

போவதில்லை என்று முடிவானால் குரூப்பில் எழுதாமல் போனில் அண்ணியிடமே சொல்லுங்கள், குரூப்பில் எழுதினால் பின்னாலேயே இன்னும் இரண்டு குடும்பம் அதே மாதிரி எழுதும். காரணம் ஒன்று போதும். "பரீட்சை இருக்கு அண்ணி, இந்தத் தடவை வர முடியாது, எங்க நாலு பேரை எழுதாதீங்க" என்று சொல்லுங்கள். பரீட்சை, லீவு, இடுப்புவலி என்று அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு வழி சொல்லுவார், நீங்கள் மறுபடி பார்க்கிறேன் என்பதில் வந்து நிற்பீர்கள். பரீட்சை முடிந்ததும் வீட்டுக்கு வந்து நமஸ்காரம் செய்துகொள்கிறோம் என்று சொல்வதானால் எந்த வாரம் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.