சேதாரம் இல்லாத விளக்கும் 12 ராஜா காசும்

கேள்வி: ஐயா, தை மாதம் மகளுக்குக் கல்யாணம். சீருக்கு ஒரு ஜோடி வெள்ளிக் குத்துவிளக்கு வாங்க வேண்டும். தெரிந்த தரகர் ஒருவர் சவுகார்பேட்டையில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். ஜோடி 300 கிராம், சேதாரம் இல்லை, செய்கூலி இல்லை என்கிறார்கள். விளக்கின் அடியில் 92.5 என்று இருக்கிறது. மாமியார் வைத்திருந்த 12 ராஜா காசையும் அங்கேயே மாற்றித் தருகிறாராம். நம்பி வாங்கலாமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, முன்பணம் கொடுக்கவில்லை என்றால் இப்போதைக்கு எதுவும் கொடுக்காதீர்கள். காசுகளைக் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

‘சேதாரம் இல்லை’ என்பதை முதலில் பார்ப்போம். எந்த ஆசாரியும் கூலி வாங்காமல் விளக்கு செய்வதில்லை. கூலி பில்லில் இல்லை என்றால் அது வெள்ளிக்குள் இருக்கிறது என்று அர்த்தம். கணக்குக்காக வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்த ஜோடிக்கு 300 கிராமுக்கு 30,000 ரூபாய், 3 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 30,900. அந்த விளக்கு உண்மையில் 70 டச் வெள்ளியாக இருந்தால் அதில் சுத்த வெள்ளி 210 கிராம்தான், மீதி செம்பு. ஒரு கிராம் சுத்த வெள்ளிக்கு 147 ரூபாய் கொடுக்கிறீர்கள்.

இன்னொரு கடையில் அதே எடையில் ஹால்மார்க் போட்ட 925 விளக்கு இருக்கிறது, 12 சதவீதம் செய்கூலி கேட்கிறார்கள். வரியோடு 34,608 ரூபாய் வரும். பார்த்ததும் அதிகம் என்றுதான் தோன்றும். ஆனால் அதில் சுத்த வெள்ளி 277.5 கிராம். கிராமுக்கு 125 ரூபாய்கூட ஆகவில்லை. கூலி கேட்ட கடைதான் மலிவு. எந்தக் கடைக்குப் போனாலும் இந்த ஒரு வகுத்தலை மட்டும் போட்டுப் பாருங்கள்: மொத்தப் பணத்தைச் சுத்த வெள்ளியின் எடையால் வகுக்க வேண்டும்.

70 டச் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வெறும் 92.5 என்ற அச்சு எதையும் சொல்லாது. அந்த அச்சை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அரசு முத்திரை என்றால் மூன்று விஷயம் சேர்ந்து இருக்கும்: முக்கோண பி.ஐ.எஸ். குறியும் SILVER என்ற சொல்லும், 925 போன்ற தர எண், அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி. இந்த ஆறு இலக்கக் குறி வெள்ளிக்கு வந்தது 2025 செப்டம்பர் 1 முதல். போனில் BIS Care செயலியைத் திறந்து Verify HUID என்ற இடத்தில் அதைப் போட்டால், என்ன பொருள், என்ன தரம், எந்த மையத்தில் சோதித்தார்கள் என்று வரும். பொருளின் பெயரைக் கவனமாகப் படியுங்கள். கையில் விளக்கு இருக்க, செயலி கொலுசு என்று காட்டினால் அந்த எண்ணை எங்கிருந்தோ எடுத்து அடித்திருக்கிறார்கள்.

தங்கத்துக்கு 2021-லேயே முத்திரையைக் கட்டாயமாக்கினார்கள். வெள்ளிக்கு இன்றைக்கும் கடைக்காரர் விரும்பினால்தான். தங்கம் வாங்க முடியாத வீடுகள்தான் வெள்ளியில் சீர் செய்கின்றன. அவர்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பாதுகாப்பு இல்லை என்று எத்தனையோ கூட்டங்களில் கேட்டுவிட்டேன், பதில் வரவில்லை. ஆகவே நீங்களாகத்தான் கேட்டு வாங்க வேண்டும். முத்திரை போட்ட பொருளில் தரம் குறைந்தால், அந்தக் குறைவின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் திருப்பிக் கேட்க விதி இருக்கிறது. முத்திரை இல்லாத பொருளுக்கு அந்தப் பிடி கிடையாது.

கடையிலேயே மெஷினில் வைத்துக் காட்டுகிறோம் என்பார்கள். அந்த மெஷின் மேல்தோலைத்தான் படிக்கும். செம்பு கலந்த விளக்கின் மேல் நல்ல வெள்ளி முலாம் பூசியிருந்தால் எண் அழகாக வரும். அடிப்பக்கம் கண்ணில் படாத இடத்தில் அரத்தால் லேசாக ராவி, ராவிய இடத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

குத்துவிளக்கில் இன்னொரு கண்ணி எடை. என் தங்கை கல்யாணத்துக்கு நானே ஏமாந்தேன், அப்போது எனக்கு இந்தத் தொழில் தெரியாது. பல வருடம் கழித்து அந்த விளக்கை உருக்கக் கொடுத்தபோது, அடித்தட்டைப் பிரித்ததும் தீயில் கறுப்பாக வழிந்தது அரக்கு. 410 கிராம் விளக்கில் 90 கிராம் அரக்கு, வெள்ளி விலைக்கு வாங்கியிருக்கிறோம். விளக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பகுதி திறந்து உள்வெற்றிடம் தெரிந்தால் நல்லது. தகடு வைத்து மூடியிருந்தால் விரல் கணுவால் தட்டுங்கள். வெறும் வெள்ளி கணீர் என்று ஒலிக்கும், அரக்கு நிரப்பியது டொக் என்று அடங்கிவிடும். அப்படி இருந்தால் அரக்கு நீக்கிய நிகர எடையைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அந்தத் தரகர் விஷயம். பூக்கடை பக்கம் இறங்கியதுமே ‘ஹோல்சேல் ரேட்டில் வாங்கித் தரேன் அக்கா’ என்று வருகிறவர்களும், சொந்தக்காரர் போலப் பேசிக் கூட்டிப்போகிறவர்களும் ஒன்றுதான். அவருடைய கமிஷன் உங்கள் விளக்கிலிருந்துதான் போகிறது. அவர் பக்கத்தில் நிற்கும்போது கடைக்காரர் உங்களிடம் உண்மை விலையைச் சொல்லவே முடியாது. தனியாகப் போங்கள். தர எண், நிகர எடை, செய்கூலி மூன்றையும் பிரித்து எழுதிய பில் தருகிற கடையில் வாங்குங்கள். திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் அதே பில்லில் எழுதி வாங்குங்கள். துண்டுச்சீட்டில் வேண்டாம்.

இனி மாமியாரின் காசு. முத்திரை இல்லாவிட்டால் நம்பாதீர்கள் என்றேன், ராஜா காசுக்கு அது பொருந்தாது. அதில் முத்திரை தேட வேண்டாம், வருடத்தைப் பாருங்கள். பழைய வெள்ளி ரூபாய் ஒவ்வொன்றும் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். 1939 வரை அடித்ததில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940-லிருந்து 1945 வரை பாதிதான் வெள்ளி. 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, அது நிக்கல். தரகர்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி ‘பழைய காசு, பாதிதான் வெள்ளி’ என்று முடித்துவிடுவார்கள்.

உங்கள் 12 காசில் 9 காசு 1939-க்கு முந்தையவை, 3 காசு 1944 என்று வைத்துப் பாருங்கள். முதல் ஒன்பதில் சுத்த வெள்ளி சுமார் 96 கிராம், அடுத்த மூன்றில் 17 கிராம், ஆக 113 கிராம். தரகர் கணக்கில் அது வெறும் 70. அந்த மேசையிலேயே 43 கிராம் போய்விடும். தேய்மானத்துக்கு ஏதோ ஒரு கிராம், இரண்டு கிராம் குறைப்பது நியாயம், அதற்கு மேல் இல்லை.

வீட்டில் ஒரு வெள்ளைத் துணியில் காசுகளைப் பரப்பி, வருடவாரியாக இரண்டு குவியலாகப் பிரித்துத் தனித்தனியாக எடை போட்டு எழுதி வையுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நடுவில் 1939 என்று ஒரு வெள்ளி ரூபாய் இருந்தால் அதை இரண்டு குவியலிலும் சேர்க்காமல் தனியே எடுத்து வையுங்கள். அந்த வருட ரூபாய் அபூர்வம், நாணயம் சேகரிப்பவர்கள் வெள்ளி விலைக்கு மேல் பல மடங்கு கொடுப்பார்கள். போலியும் அதற்கு உண்டு என்பதால், அவர்களிடம் காட்டாமல் உருக்கவோ விற்கவோ வேண்டாம்.