மஞ்சள் காமாலை வைரஸ்களிலிருந்து தொடங்குங்கள்

"நர்சிங் முதலாண்டு படிக்கிறேன். வைரஸ்களை டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்று பிரித்து, உறை உண்டா, எங்கே பெருகும், என்ன நோய் வரும் என்று பெரிய அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். இன்று படித்தால் நாளை மறந்துவிடுகிறது. எப்படிப் படிப்பது?"

பாளையங்கோட்டையில் நர்சிங் மாணவிகளுக்கு நுண்ணுயிரியல் நடத்துகிறேன். அந்த அட்டவணையை முதல் வகுப்பில் நான் திறப்பதில்லை. ஹெபடைட்டிஸ் ஏ, பி, சி, டி, இ என்ற ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்வேன். ஐந்தும் கல்லீரலைத்தான் தாக்குகின்றன. கண் மஞ்சளாவதை மட்டும் பார்த்து எந்த வைரஸ் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஐந்தும் வெவ்வேறு குடும்பம். பி மட்டும் டி.என்.ஏ., மற்ற நான்கும் ஆர்.என்.ஏ.

முதலில் உறையைப் பாருங்கள். உறை என்பது வைரஸ் நம் செல்லிலிருந்து எடுத்துப் போர்த்திக்கொள்ளும் கொழுப்புப் படலம். சோப்பு அதைக் கரைக்கும், பித்தநீரும் கரைக்கும். கல்லீரலில் பெருகும் வைரஸ் மலத்தில் உயிர்ப்போடு வெளியேற வேண்டுமென்றால் பித்தநீரைத் தாண்டியாக வேண்டும். குடலை அடையும்போது ஏ, இ இரண்டுக்கும் உறை இல்லை. அதனால் பித்தநீரையும் இரைப்பை அமிலத்தையும் தாங்கிக் குடிநீர் வழியாகப் பரவுகின்றன. உறையுள்ள பி, சி, டி மூன்றும் ரத்தம், ஊசி, உடலுறவு, பிரசவம் வழியாகப் பரவுகின்றன.

தாமிரபரணித் தண்ணீர் வரும் குழாய் ஒரு தெருவில் உடைந்து, பக்கத்துச் சாக்கடை நீர் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்கள் கழித்து அதே தெருவில் பல வீடுகளில் காய்ச்சல், வாந்தி, மஞ்சள் சிறுநீர். உங்கள் மனம் உடனே ஏ அல்லது இ பக்கம் போக வேண்டும். ஏ வைரஸ் உடலில் புகுந்து நோயாக வெளிப்பட ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். இ இன்னும் சற்றுக் கூடுதல். ஆகவே இன்றைய குழாய்த் தண்ணீர் சுத்தம் என்று சோதனை முடிவு வந்தாலும் தண்ணீர் காரணமில்லை என்று முடிவு கட்டக் கூடாது. போன மாதம் குழாய் எப்படி இருந்தது என்று விசாரிக்க வேண்டும். 1955-56 டில்லியில் யமுனையில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது இப்படித்தான். அது இ வைரஸ் என்று பல ஆண்டுகள் கழித்தே உறுதியானது. அந்தத் தெருவில் கர்ப்பிணி இருந்தால் அவரை முதலில் கவனியுங்கள். மூன்றாம் மும்மாதத்தில் இ வைரஸ் உயிரையே எடுத்துவிடக்கூடும்.

அடுத்தது பெருகும் விதம். ஏ, சி, இ மூன்றின் ஆர்.என்.ஏ.வும் நேரடியாகப் புரதம் செய்யும் கட்டளையாகவே இருக்கிறது. செல்லின் சைட்டோபிளாசத்திலேயே வேலை முடிந்துவிடும். பி வைரஸின் டி.என்.ஏ. அப்படியல்ல. அது உட்கருவுக்குள் நுழைந்து மூடிய வளையமாகித் தங்கிவிடுகிறது. வளையத்திலிருந்து ஆர்.என்.ஏ. பிறக்கும்; அதைத் தலைகீழாகப் படியெடுத்து மறுபடி டி.என்.ஏ. ஆக்கிப் புதிய வைரஸ்கள் கிளம்பும். டெனோஃபோவிர் மாத்திரை இந்தப் படியெடுப்பைத்தான் தடுக்கிறது. வளையத்தை அது தொடுவதில்லை. மாத்திரையைத் தானாக நிறுத்தினால் வைரஸ் திரும்ப எழுவது அதனால்தான். சி வைரஸும் பலரிடம் நாள்பட்டுத் தங்குகிறது, ஆனால் அதற்கு உட்கருவில் சேமிப்பு இல்லை. சோஃபோஸ்புவிர் சேர்ந்த மாத்திரைகளைப் பெரும்பாலோர் 12 வாரம் சாப்பிட்டால் போதும், நூற்றில் 95 பேருக்கு மேல் முழுமையாகக் குணமாகிறார்கள்.

நம் பக்கம் காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். ஏ, இ பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும், பெயர் மருந்துக்குப் போய்ச் சேரும். எனக்குக் கவலையெல்லாம் பி உள்ளவரைப் பற்றித்தான். மஞ்சள் இறங்கியதும் ரத்தப் பரிசோதனையை விட்டுவிடுவார்; வைரஸ் ஓசையின்றிக் கல்லீரலைச் சுருங்க வைத்துக்கொண்டிருக்கும். பிறக்கும்போது தாயிடமிருந்து பி தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது நாள்பட்டதாகிவிடுகிறது. பிரசவ வார்டில் உங்களுக்குப் பணி கிடைத்தால், குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய முதல் பி தடுப்பூசியை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

இந்த ஐந்தும் பிடிபட்ட பிறகு பெரிய அட்டவணைக்குப் போங்கள். டி.என்.ஏ. என்றால் உட்கரு, ஆர்.என்.ஏ. என்றால் சைட்டோபிளாசம் என்ற விதி பெரும்பாலும் பொருந்தும். பெரியம்மை வைரஸ் டி.என்.ஏ.வாக இருந்தும் உட்கருவுக்கு வெளியே பெருகும், இன்ஃபுளுயன்ஸா ஆர்.என்.ஏ.வாக இருந்தும் உட்கருவுக்குள் போகும். உறையின் விதியிலும் விலக்கு உண்டு: உறையிருந்தும் பி வைரஸ் உலர்ந்த ரத்தக் கறையில் ஏழு நாளாவது உயிரோடிருக்கும், ஆகவே காய்ந்த கறையையும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். டி வைரஸை நான் கடைசியில்தான் சொல்வேன். ஆர்.என்.ஏ.வாக இருந்தும் உட்கருவில் பெருகும் அதற்குச் சொந்தமாக உறைப் புரதம் கிடையாது. பி வைரஸின் உறைப் புரதத்தை வாங்கித்தான் வெளியேறும். பி தடுப்பூசியால் எதிர்ப்புச் சக்தி பெற்றவருக்கு டி வைரஸும் வராது.