வரி முடிவில் அல்ல, மூன்றாம் சீரில்

கேள்வி: பாடல் எழுதிப் பழகுகிறேன். வரியின் கடைசியில் ஒரே ஒலி வந்தால்தான் சந்தம் அமையும் என்று நினைத்து எழுதுகிறேன். ஆனால் பாடிப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் நின்று நின்று போகிறது. கடைசி ஒலியை நம்பாமல் வரியை ஓட வைக்க வழி உண்டா? என் வரிகள் இவை:

இரவுப் பேருந்தில் ஊருக்குச் செல்கின்றேன்
சன்னல் ஓரத்தில் தனியாக அமர்கின்றேன்
தூரத்து விளக்குகளை எண்ணிப் பார்க்கின்றேன்
அம்மாவின் முகத்தை நினைத்துக் கொள்கின்றேன்

பதில்: உங்கள் காட்சி நல்ல காட்சி. அதை நிறுத்துவது "கின்றேன்" என்ற விகுதி. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். அதனால் விகுதிகளை வைத்து இயைபு, அதாவது வரிக்கடைசியில் ஒலி ஒத்து வருவது, அமைக்க உழைப்பே தேவையில்லை; எந்த வினையோடும் "கின்றேன்" ஒட்டிக்கொள்ளும். எளிதில் கிடைக்கும் ஒலி என்பதால் காதும் அதை எதிர்பார்த்துவிடுகிறது. இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. வாக்கியம் முடியும் இடமும் ஒலி முடியும் இடமும் ஒன்றாகிவிடுவதால், நான்கு வரிகளிலும் நான்கு முற்றுப்புள்ளிகள் விழுகின்றன. பேருந்து நான்கு முறை நிற்கிறது.

ஒலியை வரிக்குள் கொண்டுவரும் வேலைக்கு நம் யாப்பில் முதலெழுத்து ஒத்து வரும் மோனையும் இரண்டாம் எழுத்து ஒத்து வரும் எதுகையும் இருக்கின்றன. அவற்றைச் சீர்களில் எங்கே வைப்பது என்பதற்குத் தனித்தனிப் பெயர்களே உண்டு. நான்கு சீர் வரியில் முதல் இரண்டு சீர்களில் ஒலி ஒத்தால் இணை, முதலிலும் மூன்றிலும் ஒத்தால் பொழிப்பு, முதலிலும் நான்கிலும் ஒத்தால் ஒரூஉ. மற்ற வகைகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஓட்டத்துக்கு நான் நம்புவது பொழிப்பைத்தான். இணையில் ஒலி தொடக்கத்திலேயே செலவாகிவிடுகிறது. ஒரூஉ வரியை இருபுறமும் கட்டி மூடிவிடுகிறது. காதுக்கு அதுவும் ஏறக்குறைய இயைபுதான். பொழிப்பிலோ மூன்றாம் சீரில் ஒலி மீண்டும் எழுந்து, நான்காம் சீரைத் திறந்தபடி விடுகிறது. அடுத்த வரி வேண்டும் என்று காது கேட்கிறது.

மெட்டிலும் இதற்கு ஆதாரம் உண்டு. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில், அதாவது எட்டு அட்சரங்கள் எண்ணும் ஒரு சுற்றில், ஒரு வரியை, சீருக்கு இரண்டு அட்சரமாகப் பாடிப் பாருங்கள். முதல் சீர் முதல் தட்டில் விழும். மூன்றாம் சீர் ஐந்தாம் அட்சரத்தில், அதாவது ஒரு தட்டும் ஒரு வீச்சுமான முதல் திருதத்தின் தட்டில் விழும். ஒத்த ஒலிகள் இரண்டும் தட்டோடு சேர்கின்றன. மெட்டு அரை இடம் தள்ளி எடுக்கப்பட்டால் இந்தக் கணக்கு மாறும். அப்போது எந்தச் சீர் தட்டில் விழுகிறது என்று கையால் போட்டுப் பார்த்த பிறகே ஒலியை வைக்க வேண்டும்.

உங்கள் காட்சியை வைத்தே ஒரு முறை எழுதிப் பார்த்தேன்:

சாலை விளக்கெல்லாம் சாய்ந்து பின்னோட
சன்னல் கம்பியில் கன்னம் வைத்திருந்தேன்
காற்றின் இரைச்சலில் கலந்து வந்தது
செல்லப் பெயரைச் சொல்லும் தாய்க்குரல்

முதல் வரியில் சாலை, சாய்ந்து என்று பொழிப்பு மோனை. நடுவில் உள்ள "எல்லாம்" என்பதிலும் ஆகாரம் இருப்பதால் மூன்று ஆகாரங்கள் வரியை நீட்டி வீசுகின்றன. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று. எனவே நெடில்கள் கூடிய இடத்தில் வரி அகலும். இரண்டாம் வரியின் முதல் மூன்று சீர்களில் நெடிலே இல்லை. சன்னல், கம்பி, கன்னம் என்று குறிலும் மெல்லின ஒற்றுமாக அடுத்தடுத்து விழும்போது மேடு பள்ளத்தில் பேருந்து குலுங்குவது போல இருக்கிறது. "தேன்" என்று வரும் நெடிலில்தான் குலுக்கல் அடங்குகிறது.

இந்த வரிகளில் எனக்கு மிகவும் பிடித்தது வரி மாறும் இடம். "பின்னோட" முதல் வரியின் கடைசிச் சொல். அதில் உள்ள ன்ன ஒலியைச் "சன்னல்" எடுத்துக்கொள்கிறது. "கன்னம்" அதை மூன்றாம் சீருக்குக் கொண்டுபோகிறது. முதல் வரியில் திறந்திருந்த நான்காம் சீர் இப்படித்தான் பயன்படுகிறது. "ஓட" என்பது வினையெச்சம் என்பதால் இலக்கணமும் அங்கே நிற்க முடியாது. மூன்றாம் வரியிலிருந்து நான்காம் வரிக்குப் போகும் இடத்தில் இப்படி ஒலித்தொடர்ச்சி இல்லை. "வந்தது" என்று பயனிலையை முன்னால் சொல்லிவிட்டதால், வந்தது எது என்ற கேள்வியே வரியை இழுத்துப் போகிறது. எல்லா இடத்திலும் ஒலியை நிரப்ப வேண்டியதில்லை. கடைசி வரியில் செல்ல, சொல்லும் என்ற எதுகைக்குப் பிறகு "தாய்க்குரல்" எதனோடும் ஒத்து ஒலிக்காமல் தனித்து நிற்கிறது. பயணம் அங்கேதான் முடிகிறது.

இனி, எழுதும்போது வழுக்கும் இடங்கள். முதலாவது புணர்ச்சி. உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களில் மோனை வைத்தால் பாடும்போது அது கரைந்துவிடும். "இரவுப் பேருந்து இருளைக் கிழித்து" என்று தாளில் எழுதினால் இ, இ என்று மோனை தெரிகிறது. பாடினால் "பேருந்திருளை" ஆகி, "இ" இருந்த இடத்தில் "தி" ஒலிக்கிறது. முன்சொல்லுக்குப் பிறகு மூச்சு விட மெட்டில் இடம் இருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் மெய்யில் தொடங்கும் சொல்லைத் தேடுங்கள். இரண்டாவது, கண்ணுக்கு மட்டும் ஒத்திருக்கும் எழுத்து. "பஸ்", "பாதை" இரண்டும் பகரத்தில் தொடங்கினாலும் பேச்சில் ஒலிகள் வேறு. மூன்றாவது, முதலெழுத்தின் அளவு. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒத்தால் மட்டும் போதாது. முதலெழுத்துகள் இரண்டும் குறிலாகவோ இரண்டும் நெடிலாகவோ இருக்க வேண்டும். "பட்டு", "பாட்டு" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து நடக்காது.

வைத்த ஒலி உண்மையில் வேலை செய்கிறதா என்று அறிய நான் செய்வது இது: ஒலி ஒத்த சொல்லை எடுத்துவிட்டு, அதே பொருள் தரும் வேறு சொல்லை வைத்து உரக்கப் படிப்பேன். "சன்னல் கம்பியில் முகம் வைத்திருந்தேன்." நடை இடறுகிறது. ஆகவே "கன்னம்" அங்கே தேவை. மாற்றிய பிறகும் நடை அப்படியே இருந்தால், முதலில் வைத்த சொல் வெறும் அலங்காரம். பொருளுக்கு எது நெருக்கமோ அதை வைத்துக்கொள்வேன். ஒலிக்காகவே வந்து சேரும் அடைமொழிகள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

உங்கள் "கின்றேன்" வரிகளை முற்றிலும் தூக்கி எறிய வேண்டாம். பல்லவி திரும்பத் திரும்ப வருவது. அங்கே வரி நிற்பது கேட்பவருக்குப் பிடிப்பைத் தரும். "அம்மாவின் முகத்தை நினைத்துக் கொள்கின்றேன்" என்பதைப் பல்லவியின் கடைசி வரியாக வைத்து, மேலே நான் எழுதிய நான்கு வரிகளையும் சரணமாகப் பாடிப் பாருங்கள்.