"தெரியும், ஆனா சொல்ல வரல": டேட்டாபேஸ் இண்டெக்ஸை முக்கால் நிமிஷத்துல சொல்றது எப்படி

கேள்வி: அண்ணா, ரெண்டு வருஷமா பேக்எண்ட் வேலை பாக்குறேன், வேற கம்பெனிக்கு ட்ரை பண்றேன். இண்டெக்ஸ்னா என்னன்னு கேட்டா பி-ட்ரீ, க்ளஸ்டர்ட், நான்-க்ளஸ்டர்ட்னு ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் பேசிடுறேன், கேக்குறவங்க முகமே மாறிடுது. எனக்கு விஷயம் தெரியும், சுருக்கமா சொல்லத்தான் வரல. எப்படி தயார் பண்றது?

பதில்: தம்பி, நான் பல வருஷமா மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்து இதே கேள்வியை கேட்டுட்டு இருக்கேன், பத்துல எட்டு பேர் "டேட்டாவை வேகமா எடுக்க உதவுற ஒரு டேட்டா ஸ்ட்ரக்சர்"னு தான் ஆரம்பிப்பாங்க. தப்பே இல்ல. ஆனா அதைக் கேட்டா இவர் இண்டெக்ஸ் போட்டிருக்காரா இல்ல நேத்து ராத்திரி படிச்சுட்டு வந்தாரான்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. அதனால டெஃபனிஷன்ல ஆரம்பிக்காதீங்க, ஸ்லோவா ஓடுற ஒரு க்வெரியில ஆரம்பிங்க. அது ஏன் ஸ்லோ, இண்டெக்ஸ் வந்தா உள்ள என்ன மாறுது, அதுக்கு நாம என்ன விலை குடுக்குறோம், எப்ப போடுவோம், இந்த வரிசையில நாலே வாக்கியம் போதும்.

மைஎஸ்க்யூஎல்ல orders னு ஒரு டேபிள், ஒரு கோடி ரோ, ஒரு ரோ சுமாரா 200 பைட்னு வெச்சுக்கோங்க. க்வெரி இது:

```sql
SELECT * FROM orders WHERE customer_id = 4521;
```

பேசறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல கணக்கு போட்டுப் பாருங்க. இன்னோடிபி டேட்டாவை 16 கேபி பக்கம் பக்கமா வெச்சிருக்கும், ஒரு பக்கத்துல சுமாரா 80 ரோ, அப்ப ஒரு கோடி ரோவுக்கு ஒண்ணேகால் லட்சம் பக்கம். இண்டெக்ஸ் இல்லேன்னா இந்த ஒரு கஸ்டமருக்காக அத்தனையையும் படிச்சாகணும். இண்டெக்ஸ் மரத்துல ஒரு பக்கத்துக்கு 500 கீன்னு குறைச்சே வெச்சாலும் மூணு படியில 500 × 500 × 500, அதாவது 12.5 கோடி ரோ வரைக்கும் எட்டிடலாம். சோ மூணு பக்கம் படிச்சா அந்த கஸ்டமரோட என்ட்ரி கிடைச்சிடும், அங்க இருக்கறது ப்ரைமரி கீ மட்டும் தான், அதை வெச்சு முழு ரோவை எடுக்க ஒரு ஆர்டருக்கு இன்னொரு மூணு பக்கம். 20 ஆர்டர் இருந்தா மொத்தம் 63 பக்கம் தான். ஒண்ணேகால் லட்சம் எங்க, 63 எங்க! இந்த கணக்கை இன்டர்வியூல முழுசா ஒப்பிக்க வேண்டாம், ஆனா கையால ஒரு தடவை போட்டுட்டீங்கன்னா "மூணு படி"ன்னு சொல்லும்போது குரல்லயே அந்த உறுதி வந்துடும், ஏன்னு கேட்டா உடனே விரிச்சு சொல்லவும் முடியும்.

இப்ப வாயால சொல்றது இப்படி இருக்கட்டும்:

"orders டேபிள்ல ஒரு கோடி ரோ இருக்கு, ஒரு கஸ்டமரோட ஆர்டர் வேணும்னா இண்டெக்ஸ் இல்லாம டேட்டாபேஸ் மொத்த டேபிளையும் படிக்கணும். customer_id மேல இண்டெக்ஸ் போட்டா அந்த வேல்யூக்களை வரிசைப்படுத்தி மரம் மாதிரி தனியா வெச்சுக்கும், மேல இருந்து மூணு படி இறங்கினா ரோ எங்க இருக்குன்னு தெரிஞ்சிடும். இதுக்கு விலை, ஒவ்வொரு இன்செர்ட்டுக்கும் டேபிளோட சேத்து இண்டெக்ஸையும் எழுதணும், இடமும் கூட புடிக்கும். அதனால அடிக்கடி தேடுற, தேடினா கொஞ்சம் ரோ மட்டும் வர்ற ஃபீல்டுல தான் போடுவேன், போட்டதும் EXPLAIN ஓட்டி யூஸ் ஆகுதான்னு பாப்பேன்."

நிதானமா பேசினா முக்கால் நிமிஷம். இங்கிலீஷ்ல சொன்னாலும் இதே வரிசை தான். சொல்லி முடிச்சதும் நிறுத்திடுங்க, இதுதான் கஷ்டம்னு எனக்கும் தெரியும், ரெண்டு செகண்ட் அமைதி வந்ததும் பதறி க்ளஸ்டர்ட் பக்கம் போயிடுவீங்க. போகாதீங்க, அந்த ரெண்டு செகண்ட்ல எதிர்ல இருக்கறவர் அடுத்த கேள்வியை யோசிக்கிறார், அவ்ளோதான்.

பி-ட்ரீங்கற பேரை அதுல நான் வேணும்னே விட்டுட்டேன், அவங்களே "என்ன மரம்?"னு கேப்பாங்க, அப்ப சொல்லிக்கலாம். எந்த பேரை விடறது எதை வெக்கறதுன்னு எனக்கு ஒரே கணக்கு, அந்த வார்த்தை மேல ரெண்டு கேள்வி கேட்டா பதில் இருக்கா? ஹாஷ் இண்டெக்ஸ்னு சும்மா ஒரு வார்த்தை விட்டீங்கன்னா அது ஏன் ரேஞ்ச் க்வெரிக்கு ஆகாதுன்னு வரும். ஹாஷ் வரிசையை வெச்சுக்காது, அதனால ஒரு தேதியில இருந்து இன்னொரு தேதி வரைக்கும்னு நடக்க முடியாதுன்னு சொல்ல வந்தா வெச்சுக்கோங்க, வரலேன்னா எடுத்துடுங்க.

புத்தகத்தோட கடைசியில வர்ற இண்டெக்ஸ் மாதிரின்னு சொல்றதும் பரவால்ல, ஒரு வரியோட போகட்டும். அச்சடிச்ச புத்தகம் மாறாது, அதனால இன்செர்ட்டுக்கு ஆகுற செலவை அந்த உதாரணம் காட்டாது, விஷயத்துல பாதி அங்கதான் இருக்கு.

அடுத்து வர்ற கேள்வி பெரும்பாலும் "இண்டெக்ஸ் இருந்தும் க்வெரி ஸ்லோ, ஏன்?" இதுக்கும் டெஃபனிஷன் வேண்டாம், ஒரு க்வெரியை காட்டுங்க. order_date மேல இண்டெக்ஸ் இருக்கு, ஆனா ஒருத்தர் இப்படி எழுதியிருக்கார்:

```sql
-- இண்டெக்ஸ்ல தேடி இறங்க முடியாது
WHERE YEAR(order_date) = 2024

-- இறங்க முடியும்
WHERE order_date >= '2024-01-01'
  AND order_date <  '2025-01-01'
```

மரத்துல வரிசையா இருக்கறது தேதி, நாம கேக்குறது அந்த தேதியை ஒரு ஃபங்ஷன்ல போட்டு வர்ற ரிசல்ட்டை, அதனால எங்க இறங்கறதுன்னே அதுக்கு தெரியாது. EXPLAIN ஓட்டினா மேல உள்ளதுக்கு type ல ALL, key ல NULL வரும், அதாவது முழு டேபிளையும் படிக்குது. கீழ உள்ளதுக்கு range னு வரணும். 2024 ஆர்டர்களே டேபிள்ல பெரும்பங்கா இருந்தா மட்டும் அதுக்கும் ALL வரலாம், முழுசா படிக்கறதே லாபம்னு ஆப்டிமைசர் முடிவு பண்ணிடும்.

status மாதிரி நாலஞ்சு வேல்யூ மட்டும் இருக்கற ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் வேஸ்ட்னு பலர் மனப்பாடமா சொல்றாங்க, அதை அப்படியே சொல்லிடாதீங்க. 'delivered' 90 சதவீதம் இருந்தா அதைத் தேட இண்டெக்ஸ் உதவாதுங்கறது சரி, ஆனா நூத்துல ஒண்ணு மட்டும் இருக்கற 'pending' ஐ தேட நல்லாவே உதவும். எத்தனை வகை வேல்யூங்கறதை விட, தேடினா எவ்ளோ ரோ திரும்பி வரும்ங்கறது தான் கேள்வி.

தயார் பண்ணும்போது மொபைல்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க. எங்கெல்லாம் "அதாவது... அதாவது..."ன்னு இழுக்குறீங்களோ அங்க விஷயமே தெளிவில்லன்னு அர்த்தம், வார்த்தையை மாத்தி பிரயோஜனமில்ல, அந்த இடத்தை திரும்ப படிங்க. உங்க வேலையிலேயே நீங்க இண்டெக்ஸ் போட்ட ஒரு டேபிள் இருந்தா என்னோட orders ஐ தூக்கிட்டு அதை வெச்சுக்கோங்க, ரோ எவ்ளோ, முன்னாடி எத்தனை செகண்ட், பின்னாடி எத்தனைன்னு போய் பாத்து எழுதி வெச்சுட்டு அந்த நம்பரை சொல்லுங்க.